பாட்டிலில் ஒரு கணக்கு, தம்ளரில் ஒரு கணக்கு

கோல்ட் ப்ரூ என்று இளையவர்கள் சொல்லும் குளிர்காபியைப் பற்றி என்னிடம் வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். “தண்ணியா இருக்கு பாட்டி” என்பார்கள். அடுத்த வாரம் அதே ஆட்கள் வந்து, “நெஞ்சு படபடங்குது, ஒரே கசப்பு” என்பார்கள். முதல் வாரம் நன்றாக இல்லை என்று இரண்டாம் வாரம் பொடியை இரட்டிப்பாக்கியிருப்பார்கள். பொடி மேலும் குற்றம் இல்லை, தண்ணீர் மேலும் குற்றம் இல்லை. இரண்டு தனித்தனிக் கணக்குகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் கோளாறு.

பாட்டிலுக்குள் பொடிக்கு எவ்வளவு தண்ணீர் என்பது ஒரு கணக்கு. அப்படி இறங்கிய கெட்டி டிகாஷனில் எவ்வளவு எடுத்து, தம்ளரில் எவ்வளவு தண்ணீரோ பாலோ விடுகிறோம் என்பது இன்னொரு கணக்கு. முதலாவது வீட்டுக்கே பொது. இரண்டாவது ஆளுக்கு ஆள் வேறு. ஃபில்டர் காபி குடித்து வளர்ந்த நமக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் மாமனார் காலத்தில் காலை ஐந்து மணிக்கு ஒரே டிகாஷன்தான் இறங்கும். அவருக்கு அதில் பாதித் தம்ளர், என் நாத்தனாருக்குக் கால் தம்ளர், குழந்தைகளுக்குப் பாலில் நிறம் மாறும் அளவுக்கு ஒரு சொட்டு. யாருக்காகவும் ஃபில்டரில் பொடியைக் கூட்டிக் குறைத்ததில்லை. அந்தப் பழக்கத்தைத்தான் குளிர்காபியில் மறந்துவிடுகிறோம்.

மறப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டுக் குறிப்புகளில் ‘ஒன்றுக்கு நாலு’ என்று போட்டிருக்கும். அது எடையா, கப் அளவா என்று பார்ப்பதில்லை. கொரகொரப்பாக அரைத்த காபிப்பொடி லேசானது. நம் 150 மில்லி எவர்சில்வர் தம்ளரில் தலைதட்டிப் போட்டால் ஐம்பத்தைந்து, அறுபது கிராம்தான் நிற்கும். அதே தம்ளர் தண்ணீரோ 150 கிராம். ஒரு தம்ளர் பொடிக்கு நாலு தம்ளர் தண்ணீர் விட்டால் எடைக்கணக்கில் அது ஒன்றுக்குப் பத்து ஆகிவிடுகிறது. அது கெட்டி டிகாஷனே அல்ல; இரண்டு ஐஸ் கட்டி போட்டு அப்படியே குடிக்க வேண்டியது. அதன் தலையில் மறுபடி இரண்டு பங்கு தண்ணீரை விட்டால் காபி வாசனை அடித்த தண்ணீர்தான் கிடைக்கும்.

அதனால் எடைக்கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள். கெட்டி டிகாஷனுக்கு ஒரு பங்கு பொடிக்கு ஐந்து பங்கு தண்ணீர். 1964-இல் அமெரிக்காவில் டாட் சிம்ப்சன் என்ற ரசாயனப் பொறியியல் படித்தவர் இதற்கென்றே ‘டாடி’ என்று ஒரு வாளிபோன்ற சாதனம் செய்தார். அதன் வீட்டு அளவு 340 கிராம் பொடிக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர். வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஐந்துதான் வருகிறது. ஒன்றுக்கு நாலு போடுகிறவர்களும் உண்டு, எட்டு போடுகிறவர்களும் உண்டு. ஐந்தை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், பிறகு வரும் தம்ளர் கணக்கு மனக்கணக்காகவே முடிந்துவிடும் என்பதுதான்.

தராசு வாங்க வேண்டாம். காபிக் கடையிலேயே நிறுத்துத்தானே தருகிறார்கள்? நூறு கிராம் கேளுங்கள். வழக்கமான ஃபில்டர் பதத்தில் அரைத்துவிடப் போகிறார். கொரகொரப்பாக, பம்பாய் ரவையைவிடச் சற்றுப் பெரிதாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைக்காரர் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார், பார்க்கட்டும். “சிக்கரி எவ்வளவு?” என்று பழக்கதோஷத்தில் கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிக்கரி குளிர்ந்த தண்ணீரிலும் நன்றாகக் கரைந்து நிறத்தைக் கறுப்பாக்கிவிடும். பார்க்கத் திக்காக இருக்கும், குடித்தால் காபி குறைவாக இருக்கும். வடிகட்டும்போது துணியையும் அடைக்கும். முப்பது சதவீதம் சிக்கரி கலந்த நூறு கிராமில் காபி எழுபதுதான் என்பதால் ஒன்றுக்கு ஐந்து என்ற கணக்கும் உதைக்கும். பீபெரியோ பிளான்டேஷன் ஏ-யோ தனியாக வாங்கினால் போதும்.

நூறு கிராம் பொட்டலத்துக்கு அரை லிட்டர் தண்ணீர், கொதிக்க வைத்து ஆற வைத்தது. அகலவாய்க் கண்ணாடி ஜாடியில் பொடியைக் கொட்டி, பாதித் தண்ணீரை முதலில் விடுங்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புதிதாக வறுத்த பொடி உடனே நனையாது. உள்ளே இருக்கும் காற்று அதைத் தூக்கிவிட, மேலே அடைபோல மிதக்கும். பார்க்க எல்லாம் ஈரமாகத்தான் தெரியும். கரண்டிக் காம்பால் அந்த அடையை உடைத்தால் உள்ளே உலர்ந்த பொடி வெளிர்நிறத்தில் உதிரும். அந்த உலர்ந்த பொடி ராத்திரி முழுவதும் அப்படியே கிடந்தால் நீங்கள் நூறு கிராம் போட்டும் எண்பது கிராம் போட்ட மாதிரிதான். நன்றாகக் கிளறி, மீதித் தண்ணீரை விட்டு, பத்து நிமிஷம் கழித்து இன்னொரு தடவை கிளறுங்கள். பிறகு மூடி வைத்துவிடலாம், மறுபடி தொட வேண்டாம்.

எவ்வளவு நேரம்? நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சமையலறை மேடையில் வைக்க எனக்கு மனம் வராது. ஃபிரிட்ஜில் வைத்துப் பதினாறிலிருந்து பதினெட்டு மணி நேரம் விடுவேன். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் ஊறப்போட்டால் மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன் வடிகட்டலாம். வெளியே வைப்பவர்கள் ராத்திரி போட்டுக் காலையில் வடித்துவிட வேண்டும். இரண்டு நாள் ஊறினால் இன்னும் திக்காகும் என்பது வெறும் நம்பிக்கை. பிலடெல்பியாவில் நைனி ராவ், மேகன் ஃபுல்லர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரையில், அறை வெப்பத்தில் ஆறேழு மணி நேரத்துக்குள்ளேயே கஃபீன் இறங்குவது நின்றுவிடுகிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். ஃபிரிட்ஜின் குளிரில் எல்லாம் மெதுவாக நடக்கும், அதற்காகத்தான் கூடுதல் நேரம். அதற்கு மேல் ஊறவிட்டால் கட்டையை ஊறவைத்த மாதிரி ஒரு துவர்ப்புதான் சேரும்.

வடிகட்டப் பழைய மல் வேட்டித் துணியை இரண்டாக மடித்துப் போட்டால் போதும். துணியை முறுக்கிப் பிழியாதீர்கள். பிழிந்தால் அரைத்ததில் இருந்த நுண்ணிய தூள் துணி வழியே வந்து பாட்டிலின் அடியில் கசடாக உட்காரும். உட்கார்ந்த இடத்தில் இன்னும் ஊறிக்கொண்டே இருக்கும். முதல் நாள் நன்றாக இருந்த காபி மூன்றாம் நாள் கசப்பதற்கு இதுதான் காரணம். சொட்டுவது நிற்கும் வரை ஒரு கிண்ணத்தின் மேல் தொங்கவிட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

இப்போது அளந்தால் முந்நூறு மில்லிதான் இருக்கும். விட்டது ஐந்நூறு, வந்தது முந்நூறு. காபிப்பொடி தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். நூறு கிராம் பொடிக்குள் இருநூறு மில்லி மாட்டிக்கொண்டிருக்கிறது. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். “நூறு கிராமுக்கு முந்நூறு வந்திருக்கு, அப்போ ஒன்றுக்கு மூணு, ரொம்பத் திக்கு” என்று தண்ணீரை அள்ளி விடுகிறார்கள். அப்படி அல்ல. பொடிக்குள் மாட்டிய இருநூறும் பாட்டிலுக்கு வந்த முந்நூறும் ஒரே கெட்டிதான். காபிச் சத்து ஐந்நூறு மில்லியிலும் சமமாகப் பரவியது. அதில் ஒரு பகுதி நமக்கு வந்தது, ஒரு பகுதி சக்கையோடு நின்றுவிட்டது. ஆகையால் கெட்டியைக் கணக்கிடும்போது விட்ட தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும், வந்த டிகாஷனை அல்ல. பாட்டிலில் இருக்கும் ஒவ்வொரு நூறு மில்லியிலும் இருபது கிராம் பொடியின் சாரம் இருக்கிறது. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

மிகவும் கெட்டியாகப் போடுகிறேன் என்று ஒன்றுக்கு மூன்று போடுகிறவர்களுக்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது. நூறு கிராமுக்கு முந்நூறு மில்லி விட்டால் இருநூறைச் சக்கை குடித்துவிட, கையில் வருவது நூறு மில்லி. சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு குப்பைக்குப் போகிறது. ஃபிரிட்ஜில் இடம் மிச்சம், பர்ஸில் பொத்தல். இன்றைக்குக் காபிக்கொட்டை விற்கிற விலையில் இதை நான் செய்ய மாட்டேன்.

சக்கையில் மாட்டிய அந்த இருநூறையும் முழுவதுமாக விட்டுவிட வேண்டியதில்லை. நம் வீடுகளில் இரண்டாம் டிகாஷன் போட்ட வழக்கம் சும்மா வந்ததா? வடிந்து நின்றபின், துணியில் இருக்கும் சக்கையை ஜாடியிலேயே திருப்பிப் போட்டு இன்னொரு இருநூறு மில்லி குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கிளறி, அரை மணி வைத்து வடியுங்கள். உள்ளே இருந்த கெட்டியும் புதுத் தண்ணீரும் சரிபாதி கலந்து இருநூறு மில்லி இறங்கும். இது பாதிக் கெட்டி. இதை முதல் பாட்டிலோடு கலந்துவிடாதீர்கள், கலந்தால் அந்த இருபது கிராம் கணக்கு கெட்டுப்போகும். தனியாக வைத்து அன்றைக்கே நிறைய ஐஸ் போட்டுக் குடித்துவிடலாம்.

இனி தம்ளர். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மூன்று பேர் கேட்டார்கள், மூன்றும் மூன்று விதம். அதையே சொல்கிறேன்.

பேரனுக்குப் பால் சேராது, கறுப்பாகத்தான் வேண்டும். சாதாரணமாக ஒரு பங்கு கெட்டிக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்பது சரியான கலப்பு. நூறு மில்லி கெட்டியில் இருபது கிராம் சாரம். அதோடு இருநூறு சேர்ந்தால் முந்நூறு மில்லி காபி. ஒன்றுக்குப் பதினைந்து, கறுப்புக் காபி குடிக்கிறவர்கள் விரும்பும் திடம். அவன் தம்ளருக்கு அறுபது கெட்டி, நூற்றிருபது தண்ணீர். ஆனால் நூற்றிருபதையும் தண்ணீராக விட்டு அதன்மேல் ஐஸும் போட்டால் காபி செத்துவிடும். ஐஸும் தண்ணீர்தானே! அதனால் எண்பது மில்லி தண்ணீர், நாற்பது கிராம் ஐஸ், அதாவது சின்னக் கட்டியாக மூன்று. முதல் மடக்கு கொஞ்சம் அழுத்தமாக இருக்கும், கரையக் கரைய சரியாகிவிடும்.

ஐஸ் விஷயத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கெட்டியும் தண்ணீரும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததாக இருந்தால் கட்டி மெதுவாகக் கரையும். மேடையில் இருந்த வெதுவெதுப்பான தண்ணீரை விட்டால், அதைக் குளிர்விக்கவே பாதி ஐஸ் கரைந்துவிடும். வாயில் வைக்கும்போதே தண்ணீராகிவிட்டிருக்கும். “நேத்து நல்லா இருந்துது, இன்னிக்கு அதே அளவுதான், நல்லா இல்லை” என்று பேரன் ஒருநாள் சொன்னபோது பாட்டிலைச் சந்தேகப்படாமல் தண்ணீர்க் குடத்தைக் காட்டினேன்.

மருமகளுக்குப் பால் வேண்டும். பாலுக்கு அந்த இரண்டு பங்குக் கணக்கு உதவாது. பாலின் கொழுப்பும் இனிப்பும் காபியை மழுங்க அடிக்கும். ஒன்றுக்கு இரண்டு விட்டால் காபிக்கலர் பால்தான். அவளுக்குச் சரிபாதி: எழுபத்தைந்து கெட்டி, எழுபத்தைந்து பால். காய்ச்சி ஆற வைத்த பாலை ஆடை இல்லாமல் வடித்து ஊற்ற வேண்டும், குளிர்காபியில் ஆடை நாக்கில் ஒட்டினால் ரசிக்காது. சர்க்கரையை நேராகப் போட்டால் அடியில் மணலாகத் தங்கிவிடும். சர்க்கரையும் வெந்நீரும் சம அளவில் கரைத்த பாகு ஒரு சின்ன புட்டியில் ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன், அதில் இரண்டு ஸ்பூன். நாட்டுச் சர்க்கரையிலும் பாகு செய்யலாம், காபியின் மணத்தை அது கொஞ்சம் அமுக்கும். எனக்கு வெள்ளைச் சர்க்கரைதான் சரி.

மூன்றாவது நான். எனக்கு ஐஸ் ஆகாது, ரத்த அழுத்த மாத்திரை வேறு. ஐம்பது மில்லி கெட்டி, அதன் மேல் நூற்றைம்பது மில்லி கொதிக்கும் தண்ணீர். ஃபிரிட்ஜ் குளிர் போய், ஊதிக் குடிக்கிற சூடு வந்துவிடும். பத்து கிராம் பொடிக்கு இருநூறு மில்லி, ஒன்றுக்கு இருபது. மற்றவர்களுக்கு இது சப்பென்று இருக்கும், எனக்குப் போதும். மூன்று தம்ளருக்கும் சேர்த்துப் பாட்டிலில் போனது நூற்று எண்பத்தைந்து மில்லி. மீதி திங்கட்கிழமைக்கு.

மூன்று பேருக்கும் பாட்டில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். குறை சொல்வதற்கும் இதில் ஒரு முறை இருக்கிறது. தண்ணியாக இருக்கிறது, அழுத்தமாக இருக்கிறது என்றால் அது தம்ளரின் குறை. தண்ணீரையோ கெட்டியையோ ஒரு கரண்டி மாற்றினால் அந்த நிமிஷமே தீர்ந்துவிடும். ஆனால் எவ்வளவு கெட்டி சேர்த்தாலும் புளிப்பாக, காலியாக, வாயில் நிற்காமல் இருக்கிறது என்றால் அது பாட்டிலின் குறை. பொடி ரொம்பப் பெரிதாக அரைபட்டிருக்கும், சரியாக நனைந்திருக்காது, அல்லது நேரம் போதாமல் வடித்திருப்பீர்கள். தண்ணீர் விட்ட பிறகும் நாக்கின் ஓரத்தில் துவர்ப்பு நிற்கிறது என்றால் அரைவை பொடிப்பொடியாகிவிட்டது, அல்லது பிழிந்திருக்கிறீர்கள். தம்ளரின் குறையைத் தீர்க்க அடுத்த பாட்டிலை மாற்றுவதும், பாட்டிலின் குறையைத் தம்ளரில் பால் விட்டு மறைப்பதும்தான் நம் ஜனங்கள் செய்வது. குடும்பத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன்: மாமியார் மேல் கோபம், பிள்ளைக்கு அடி.

கெட்டியை அப்படியே குடிக்கிற ஆசாமிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். குளிர்காபியில் கசப்பு குறைவு, நாக்கு எச்சரிக்காது. ஒரு 150 மில்லி தம்ளர் நிறையக் கெட்டியைக் குடித்தால் அதில் முப்பது கிராம் பொடியின் சாரம் இருக்கிறது. வீட்டுக் காபிக்கு ஒரு ஆளுக்குப் பத்து கிராம் என்றால் மூன்று ஆள் காபி ஒரே மூச்சில். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை பரவாயில்லை என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். அப்படி ஒரு தம்ளர் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ரொபஸ்டா கலந்த பொடியாக இருந்தால் கஃபீன் ஏறக்குறைய இரட்டிப்பு, வரம்பைத் தாண்டிவிடலாம். எங்கள் சம்பந்தி அம்மாள் ஃபிரிட்ஜைத் திறந்து, ஏதோ ரெடியாக இருக்கிற காபி என்று பாட்டிலிலிருந்தே ஒரு தம்ளர் ஊற்றிக் குடித்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு அவர் எங்கள் வீட்டுப் பருப்பு டப்பாக்களை எல்லாம் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அதிலிருந்து பாட்டிலில் ஒரு பட்டை பிளாஸ்திரி ஒட்டி, ‘கெட்டி: 1-க்கு 2 தண்ணீர்’ என்றும் வடித்த தேதியும் எழுதுகிறேன்.

தேதி எதற்கென்றால், கெட்டியாக இருக்கும்வரை ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். தண்ணீர் கலந்துவிட்டால் இரண்டு நாள்தான், பால் கலந்தால் அன்றைக்கே. அதனால்தான் மொத்தமாகக் கலந்து வைக்காமல் தம்ளருக்குத் தம்ளர் கலக்கச் சொல்கிறேன். மூடியைத் திறக்கும்போது சின்னதாக ‘புஸ்’ என்று காற்று வந்தாலோ, மேலே மெல்லிய படலம் தெரிந்தாலோ, பழைய மோர்போல வாசனை வந்தாலோ ருசி பார்க்கக்கூட வேண்டாம், கொட்டிவிடுங்கள். வாசனை ஒன்றும் இல்லாமலும் கெடலாம் என்பதால் வாரம் தாண்டியதை நான் வைத்துக்கொள்வதில்லை.

வாரக் கடைசியில் ஐம்பது, அறுபது மில்லி மிஞ்சினால் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன். இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஐஸ் தட்டில் ஊற்றிவிடுவேன். அடுத்த பாட்டில் வந்ததும், பேரன் தம்ளரில் வெறும் ஐஸுக்குப் பதில் இந்தக் கட்டிகள். அப்போது மட்டும் அறுபதுக்கு நூற்றிருபது தண்ணீரையும் முழுதாக விட்டுவிடலாம். கட்டி கரைந்து வருவதும் ஒன்றுக்குப் பதினைந்து காபியே என்பதால், அவன் போனைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் குடித்தாலும் கடைசி மடக்கு முதல் மடக்கு மாதிரியே இருக்கும்.